கிளெய்மில் இரட்டை பில், ரவுண்டு தொகை: உள் தணிக்கையில் எங்கே தவறு நடக்கிறது, எப்படிச் சரிசெய்வது

ஊழியர்களின் எக்ஸ்பென்ஸ் கிளெய்மைத் தணிக்கை செய்யும்போது பெரும்பாலும் இரண்டு சோதனைகளைத்தான் முதலில் ஓட்டுவோம். ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் போயிருக்கிறதா என்பது ஒன்று. 500, 1,000, 2,000 என்று முழுத் தொகையாக எழுதிய பில்கள் எத்தனை என்பது இன்னொன்று. இரண்டையும் எக்செல்லில் அரை மணி நேரத்தில் ஓட்டிவிடலாம். வருகிற பட்டியலை அப்படியே அறிக்கையில் ஒட்டினால்தான் தொல்லை. குற்றமில்லாதவர் பெயர் அதில் ஏறியிருக்கும், ஏற வேண்டியது விட்டுப்போயிருக்கும்.

இயந்திரங்களை நிறுவவும் பழுது பார்க்கவும் ஊர் ஊராகப் போகும் சர்வீஸ் இன்ஜினியர்கள் உள்ள ஒரு நிறுவனத்தை மனதில் வைத்து எழுதுகிறேன். ஆறு மாதக் கிளெய்ம், சுமார் 3,200 வரிகள். பத்திகள் இப்படி: A கிளெய்ம் எண், B பணியாளர் எண், C பில் தேதி, D பில் எண், E கடையின் ஜிஎஸ்டி எண், F தொகை, G செலவு வகை, H கடையின் பெயர்.

எந்தச் சோதனைக்கும் முன்னால் F பத்தியின் கூட்டுத்தொகை லெட்ஜரில் உள்ள பயணச் செலவுக் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். குறைவாக வந்தால் சில தொகைகள் எண்ணாக இல்லாமல் எழுத்தாக வந்து உட்கார்ந்திருக்கும். SUM அவற்றைக் கண்டுகொள்ளாது. கிளெய்ம் மென்பொருளிலிருந்து இறக்கும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி எண்ணோடு ஒட்டிக்கொண்டு வரும். TRIM போட்டாலும் அது போகாது. அதைத் தனியாக நீக்க வேண்டும்:

```
=VALUE(SUBSTITUTE(SUBSTITUTE(F2,CHAR(160),""),",",""))
```

கூட்டுத்தொகை ஒத்துவந்த பிறகுதான் கீழே உள்ளவற்றுக்கு அர்த்தம் இருக்கிறது.

அறிகுறி: இரட்டை பில் சோதனை நூற்றுக்கணக்கான வரிகளைக் காட்டுகிறது

பெரும்பாலானோர் தேதியையும் தொகையையும் மட்டும் வைத்து ஒப்பிடுகிறார்கள். ஒரே நாளில் நான்கு பேர் ஒரே டோல்கேட்டைத் தாண்டினால் நான்கு வரியும் மாட்டும். ஆறு பேர் அன்றைய பேட்டாவை எழுதினால் ஆறும் மாட்டும். பேருந்துக் கட்டணமும் அப்படித்தான். இவற்றில் ஒன்றுகூட இரட்டை இல்லை. ஒரு பில்லுக்கு அடையாளம் அதைக் கொடுத்த கடையும் அதில் அச்சான எண்ணும்தான். தொகையும் தேதியும் துணைக்கு மட்டுமே.

ஆகவே முதலில் பில் எண்ணைச் சுத்தம் செய்து J பத்தியில் வையுங்கள்:

```
="B"&UPPER(SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(D2,CHAR(160),"")," ",""),"-",""),"/",""))
```

பிறகு கடையையும் அந்த எண்ணையும் இணைத்து L பத்தியில் ஒரே சாவியாக்குங்கள். ஜிஎஸ்டி எண் இல்லாத கடைக்குப் பெயரை எடுத்துக்கொள்ளலாம்:

```
="K"&IF(E2="",UPPER(TRIM(H2)),E2)&"|"&J2
```

கடைசியாக எண்ணிக்கை:

```
=IF(J2="B","",COUNTIF($L$2:$L$3201,L2))
```

இதில் மூன்று இடங்களைக் கவனியுங்கள், மூன்றிலும் நான் பட்டிருக்கிறேன். பில் எண்ணே எழுதாத வரிகள் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திவிடும் என்பதால்தான் கடைசிச் சூத்திரத்தில் J2="B" என்ற விலக்கு. சாவியின் முன்னால் ஒரு எழுத்தைச் சேர்ப்பதற்கும் காரணம் உண்டு. எக்செல் 15 இலக்கம் வரைதான் எண்ணைத் துல்லியமாக வைத்துக்கொள்ளும். 16 இலக்க பில் எண்கள் இரண்டு கடைசி இலக்கத்தில் மட்டும் வேறுபட்டால், அவை எழுத்தாகவே சேமிக்கப்பட்டிருந்தாலும் COUNTIF அவற்றை எண்ணாக மாற்றிப் பார்த்து ஒன்று என்று சொல்லிவிடும். முன்னால் ஒரு எழுத்து இருந்தால் அந்தக் குழப்பம் இல்லை.

மூன்றாவது, COUNTIFS போட்டு ஜிஎஸ்டி எண்ணையும் பில் எண்ணையும் தனித்தனி நிபந்தனையாகக் கொடுப்பது. ஜிஎஸ்டி எண் காலியாக இருந்தால் அந்தக் காலிக் கட்டத்தை எக்செல் 0 என்று எடுத்துக்கொண்டு 0 இருக்கும் வரிகளைத் தேடும். பொருத்தம் எதுவும் கிடைக்காது. அதாவது பதிவு பெறாத சின்ன மெஸ், லாட்ஜ் எல்லாம் சோதனைக்குள் வராமலே தப்பிவிடும். நாம் முக்கியமாகப் பார்க்க வேண்டிய பில்களே அவைதான். ஒரே சாவியாக இணைப்பது இதற்காகவும்தான்.

ஏப்ரலைத் தாண்டிப் போகும் காலத்தைத் தணிக்கை செய்தால் சாவியில் நிதியாண்டையும் சேருங்கள். ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் ஒரு நிதியாண்டுக்குள் மட்டும் தனித்ததாக இருந்தால் போதும். மார்ச்சில் 412 போட்ட கடை புது வருஷத்தில் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கி ஜூனில் 412க்கு வரலாம்.

அறிகுறி: கையில் இரண்டு பில்லும் இருக்கின்றன, சோதனை மட்டும் பிடிக்கவில்லை

இதற்கு முதல் காரணம் பில் எண்ணைத் தட்டும் விதம். பில்லில் INV/00412 என்று இருக்கும். ஒருவர் அப்படியே அடிப்பார். இன்னொருவர் 412 என்று மட்டும் போடுவார். மூன்றாமவர் 0 என்ற பூஜ்யத்துக்குப் பதில் O என்ற எழுத்தை அடிப்பார். மேலே போட்ட சுத்தம் கோடுகளையும் இடைவெளியையும்தான் நீக்கும், இதை நீக்காது. ஆகவே முதல் சல்லடைக்குக் கீழே இன்னொன்று வேண்டும்: பில் எண்ணை விட்டுவிட்டு கடை, பில் தேதி, தொகை மூன்றும் ஒன்றாக இருப்பவற்றை எடுப்பது. பேட்டா, டோல், பேருந்து வகைகளை நீக்கிவிட்டு இதை ஓட்டினால் பட்டியல் கைக்கு அடக்கமாக வரும்.

இரண்டாவது காரணம் காலம். ஜூலையில் எழுதிய பில்லை அதே பில்லாக நவம்பரில் மறுபடி சேர்ப்பார்கள். காலாண்டுக்கு ஒரு முறை தரவை இறக்கினால் இரண்டும் ஒரே கோப்பில் சந்திக்கவே சந்திக்காது. இந்த முறை தணிக்கை செய்யும் மூன்று மாதத்தை முந்தைய பன்னிரண்டு மாதத்தோடு சேர்த்து வைத்து ஓட்டுங்கள். நான் பிடித்த உண்மையான இரட்டை பில்களில் பாதிக்கு மேல் கிளெய்ம் தேதியில் 60 நாள் இடைவெளி தாண்டியவை.

மூன்றாவது காரணத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. ஒரே செலவுக்கு இரண்டு வழியாகப் பணம் போயிருக்கும், கிளெய்ம் ஒன்றுதான் இருக்கும். அலுவலகத்தில் டிராவல் டெஸ்க் ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்திருக்கும், பயணம் போனவர் டிக்கெட் நகலை வைத்து கிளெய்மும் எழுதியிருப்பார். கம்பெனி கார்டில் ஹோட்டலுக்குக் கட்டிவிட்டு பில்லைக் கிளெய்மில் போடுவதும் உண்டு. இது கிளெய்ம் கோப்பை மட்டும் எத்தனை முறை சலித்தாலும் சிக்காது. டிராவல் ஏஜென்டின் பில் விவரத்தையும் கார்டு ஸ்டேட்மென்டையும் பக்கத்தில் வைக்க வேண்டும். ரயிலுக்குப் பத்து இலக்க பிஎன்ஆர் எண் நல்ல சாவி. ஆனால் ஒரே பிஎன்ஆரில் ஆறு பேர் வரை போகலாம் என்பதை மறக்காதீர்கள். இரண்டு இன்ஜினியர்கள் ஒரே டிக்கெட்டில் போய் ஆளுக்குப் பாதி எழுதியிருந்தால் அது சரியான கிளெய்ம். ஆகவே பிஎன்ஆர் பொருந்துகிறதா என்பதோடு நில்லாமல், அந்தப் பிஎன்ஆருக்கு எல்லோரும் சேர்ந்து எழுதிய தொகை டிக்கெட் தொகையைத் தாண்டுகிறதா என்று பாருங்கள்.

இந்த இடத்தில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். ஒரே லாட்ஜ், ஒரே தேதி, ஒரே தொகை 1,680, எழுதியவரும் ஒருவரே. பில் எண் மட்டும் அடுத்தடுத்தது. தட்டும்போது எண் மாறியிருக்கும் என்று நானே முடிவு செய்து இரட்டை பில் என்று எழுதிவிட்டேன். அறிக்கை அவருடைய மேலாளர் மேசைக்குப் போன பிறகு அவர் என்னிடம் வந்தார். “சார், அன்னைக்கு என்கூட டிரெய்னி பையன் ஒருத்தன் வந்தான். அவன்கிட்ட அட்வான்ஸ் இல்ல. ரெண்டு ரூமுக்கும் நான்தான் கட்டுனேன். பில்லுலயே ரூம் நம்பர் இருக்கு சார், 104, 105.” இருந்தது. பில்லை நான் புரட்டிப் பார்க்கவே இல்லை, திரையில் இருந்த வரியைத்தான் பார்த்தேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், திருத்தமும் அனுப்பினேன். ஆனால் மூன்று நாள் அந்த மனிதர் அலுவலகத்தில் தலை குனிந்து நடந்தது நடந்ததுதான். அன்றிலிருந்து காகிதத்தை, இல்லாவிட்டால் அதன் படத்தை, என் கண்ணால் பார்க்காத எந்த வரியையும் பட்டியலில் வைப்பதில்லை.

அறிகுறி: பில் எண், கடை எல்லாம் வேறு வேறு, படம் மட்டும் ஒன்றுபோல இருக்கிறது

கிளெய்ம் மென்பொருளில் பில்லின் படத்தைப் பதிவேற்றும் வழக்கம் இருந்தால், எல்லாப் படங்களையும் ஒரு ஃபோல்டரில் இறக்கி, அந்த ஃபோல்டருக்குள்ளிருந்து பவர்ஷெல்லில் இதை ஓட்டுங்கள்:

```
Get-ChildItem -Recurse -File | Get-FileHash | Group-Object Hash | Where-Object Count -gt 1
```

துளி மாறாத ஒரே கோப்பு இரண்டு இடத்தில் இருந்தால் வந்துவிடும். மங்கலான படத்தைச் சேர்த்துவிட்டு கடை பெயரையும் எண்ணையும் கற்பனையாக அடித்தவர்கள் இதில் மாட்டுவார்கள். இதன் எல்லையும் சின்னதுதான். வாட்ஸ்அப்பில் அனுப்பி எடுத்த படம், ஓரம் வெட்டிய படம், மறுபடி எடுத்த போட்டோ எதுவும் பொருந்தாது. ஆகவே பொருத்தம் வந்தால் அது வலுவான சான்று. வராவிட்டால் எதுவும் நிரூபணம் ஆகவில்லை.

அறிகுறி: ரவுண்டு தொகைப் பட்டியல் முழுக்கப் பெட்ரோலும் பேட்டாவும்

MOD போட்டு நூறால் வகுபடும் தொகைகளை எடுத்தால் 3,200 வரியில் ஆயிரம் வரும். பயந்துவிடாதீர்கள். சில செலவுகள் இயல்பிலேயே ரவுண்டாகத்தான் இருக்கும். பேட்டா கம்பெனியே நிர்ணயித்த தொகை. ஆட்டோக்காரரிடம் பேரம் பேசி 150, 200 என்றுதான் முடிப்போம். பெட்ரோல் பங்கில் யாரும் நாலே முக்கால் லிட்டர் கேட்பதில்லை, “ஐநூறுக்குப் போடுங்க” என்றுதான் சொல்வோம். இந்த வகைகளில் ரவுண்டாக இல்லாத தொகைதான் யோசிக்க வைக்க வேண்டும்.

பெட்ரோலுக்குத் தொகையை விட்டுவிட்டு லிட்டரையும் விலையையும் பாருங்கள். 2022 மே கடைசியிலிருந்து 2024 மார்ச் வரை சென்னையில் பெட்ரோல் லிட்டர் 102.63 ரூபாய். அந்தக் காலத்தில் 500க்குப் போட்ட பில்லில் அளவு 4.87 லிட்டர் என்று இருக்க வேண்டும். கையால் எழுதிய பில்லில் 5 லிட்டர், 500 ரூபாய் என்று இருந்தால் விலை லிட்டருக்கு 100 ஆகிறது, அப்படி ஒரு விலை அன்று அந்த ஊரில் இல்லை. ஊருக்கு ஊர் விலை கொஞ்சம் மாறும் என்பதால் அதே நாளில் அதே ஊரில் வேறொருவர் போட்ட பில்லோடு ஒப்பிடுவது நல்லது. உங்கள் கோப்பிலேயே அது இருக்கும்.

இயல்பாக ரவுண்டாகும் வகைகளை ஒதுக்கிய பிறகு மிச்சம் இருப்பது சாப்பாடு, தங்குமிடம், உதிரிப் பொருள், கூரியர், ஜெராக்ஸ். இவற்றிலும் ஒரு ரவுண்டு பில்லை எடுத்துக்கொண்டு ஆளைப் பிடிக்காதீர்கள். விகிதத்தைப் பாருங்கள். ஒரு வகையில் எல்லா ஊழியர்களின் பில்களிலும் எத்தனை சதவீதம் ரவுண்டு, இந்த ஒருவரிடம் எத்தனை சதவீதம் என்பதுதான் கேள்வி. ஒரு தணிக்கையில் சாப்பாட்டு பில்கள் மொத்தம் 640, அதில் ரவுண்டு 52, அதாவது நூற்றுக்கு எட்டு. ஒரே ஒருவரிடம் 31 பில்லில் 19 ரவுண்டாக இருந்தது. ஒருவரிடம் நான்கைந்து பில்தான் இருக்கிறது, அதில் இரண்டு ரவுண்டு என்றால் அதில் சொல்ல ஒன்றுமில்லை. இருபது பில்லாவது இல்லாதவருக்கு நான் விகிதம் போடுவதில்லை.

இங்கே இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கலாம். உங்கள் கம்பெனியில் 500க்கு மேல் போனால்தான் பில் வேண்டும் என்று விதி இருந்தால், ரவுண்டு தொகைகளைவிட 480, 490, 495 என்று வரிசையாக நிற்கும் தொகைகள் அதிகம் பேசும். MOD சோதனை அவற்றைத் தொடவே தொடாது.

அறிகுறி: தொகை ரவுண்டு, பில்லோ பார்க்க ஒழுங்காக இருக்கிறது

அச்சடித்த ஜிஎஸ்டி பில் என்றால் கணக்கே சாட்சி சொல்லும். சாதாரண உணவகத்தில் வரி 5 சதவீதம். மெனுவில் விலைகள் வரி சேர்க்காமல் ஐந்தின் மடங்காக இருப்பது வழக்கம். அப்படிப்பட்ட கடையில் மொத்தம் சரியாக 500 வருமா? 475க்குச் சாப்பிட்டால் வரியோடு 498.75, ரவுண்ட் ஆஃப் செய்து 499. 480க்குச் சாப்பிட்டால் 504. நடுவில் 500க்கு இடமே இல்லை. 1,000க்கும் இல்லை: 950க்கு 998 ஆகும், 955க்கு 1,003 ஆகும். ஆனால் 2,000 வரலாம். 1,905க்குச் சாப்பிட்டால் வரி 95.25, மொத்தம் 2,000.25, ரவுண்ட் ஆஃப் செய்தால் சரியாக 2,000. ஆக “ரவுண்டு தொகை சாத்தியமே இல்லை” என்று பொதுவாக எழுதக் கூடாது. அந்தக் கடையின் மெனு விலை எப்படி, வரி உள்ளேயா வெளியேயா என்று பார்த்து, அந்தத் தொகைக்குக் கணக்கு போட்டுப் பார்க்க வேண்டும்.

லாட்ஜ் விஷயம் வேறு. “எல்லாம் சேர்த்து ரெண்டாயிரம்” என்று பேசி முடிக்கும் லாட்ஜ்கள் நிறைய. அங்கே மொத்தம் ரவுண்டாக இருப்பது இயல்பு, உள்ளே உள்ள பிரிவுதான் ஒழுங்கற்ற எண்ணாக இருக்க வேண்டும். நாளுக்கு 7,500 வரையிலான அறைகளுக்கு 2025 செப்டம்பர் 21 வரை வரி 12 சதவீதம். அந்தக் காலத்து 2,000 ரூபாய் பில்லில் வாடகை 1,785.71, வரி 214.29 என்று பிரிந்திருக்கும். செப்டம்பர் 22லிருந்து 5 சதவீதம், ஆகவே வாடகை 1,904.76, வரி 95.24. வாடகை 1,800, வரி 200 என்று பிரித்த பில்லைப் பார்த்தால் அது எந்த விகிதத்துக்கும் பொருந்தாது. நவம்பர் தேதியில் 12 சதவீத பில் வந்தால் இரண்டு விளக்கம் உண்டு: லாட்ஜ் தன் பில் மென்பொருளை மாற்றவில்லை, இல்லாவிட்டால் பழைய பில்லில் தேதி மாற்றப்பட்டிருக்கிறது. அதே லாட்ஜின் வேறொரு நவம்பர் பில் கிடைத்தால் எது என்று தெரிந்துவிடும்.

வரியே போடாத ரவுண்டு பில்லையும் உடனே சந்தேகப்படாதீர்கள். பதிவு வரம்புக்குக் கீழே உள்ள கடை வரி போட முடியாது. காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் உணவகமும் வாடிக்கையாளரிடம் வரி வாங்கக் கூடாது. ஜிஎஸ்டி தளத்தில் 15 இலக்க எண்ணைப் போட்டுத் தேடினால் அந்தக் கடை வழக்கமான பதிவா, காம்போசிஷனா, பதிவு ரத்தாகிவிட்டதா, எந்தத் தேதியில் ரத்தானது என்பதெல்லாம் தெரியும். முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறியீடு. தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகத்துக்கு 29, கேரளத்துக்கு 32. ஓசூரில் தங்கியதாக எழுதிய பில்லில் 29 என்று தொடங்கும் எண் இருந்தால், லாட்ஜ் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

அறிகுறி: எல்லாச் சோதனையிலும் தேறிய பில்கள், வரிசையாக வைத்தால் மட்டும் உறுத்துகின்றன

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். இரட்டைச் சோதனையும் ரவுண்டு சோதனையும் தனித்தனியே பிடிக்காததை இரண்டையும் சேர்த்துப் படித்தால் பிடிக்கலாம். ஒரு வேலையை அப்படியே சொல்கிறேன்.

ஒரு இன்ஜினியர் மாதம் ஒன்றிரண்டு முறை ஈரோட்டுப் பக்கம் ஆலைகளுக்குப் போவார். ஒரே லாட்ஜின் பில்கள் நான்கு: ஜூன் 12, ஜூலை 3, ஜூலை 21, ஆகஸ்ட் 19. தொகைகள் 1,200, 2,400, 1,200, 2,400. நாளுக்கு 1,200, ஜிஎஸ்டி எண் இல்லாத லாட்ஜ், கையால் எழுதிய பில். எண்கள் வேறு வேறு என்பதால் இரட்டை இல்லை. தங்குமிடத்தில் ஒருவருக்கு நான்கு பில்தான், விகிதம் போட முடியாது. இரண்டு சோதனையும் விட்டுவிட்டன.

நான் கோப்பைக் கடை வாரியாகவும் பிறகு பில் எண் வாரியாகவும் அடுக்கினேன். அப்போது தெரிந்தது: எண்கள் 231, 232, 234, 235. இரண்டு மாதத்துக்கு மேல் ஓடிய ஒரு லாட்ஜ், பத்து வாரத்தில் ஐந்தே பில்தான் கிழித்திருக்கிறது என்று அர்த்தமாகிறது. 233 எங்கே என்று தேடினால் அதே கோப்பில் இன்னொரு இன்ஜினியரிடம் இருந்தது, தேதி ஜூலை 9. ஆக 231லிருந்து 235 வரை ஐந்தும் நம் கம்பெனிக்கே வந்திருக்கின்றன.

உடனே முடிவுக்கு வரவில்லை. சில லாட்ஜ்களில் கம்பெனிக்காரர்கள் கேட்டால் மட்டும் பில் போடும் தனிப் புத்தகம் இருக்கும். அப்படியானால் ஐந்தும் நமக்கே வந்ததில் ஆச்சரியமில்லை. இதைத் தெரிந்துகொள்ள மூன்றாவது ஒருவரின் பில் உதவியது. விற்பனைப் பிரிவில் ஒருவர் ஜூலை 5 அன்று அதே லாட்ஜில் தங்கியிருந்தார், அவருடைய பில் எண் 1187. அதே லெட்டர்ஹெட், ஆனால் அச்சில் ஃபோன் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் வேறு. அடுத்து அந்த நான்கு தேதிகளில் முதலாமவரின் மற்ற கிளெய்ம்களைப் பார்த்தேன். ஜூலை 21 இரவு 9 மணி சுமாருக்கு அவருடைய கம்பெனி வண்டி ஊர் திரும்பும் வழியில் டோலைத் தாண்டியிருந்தது ஃபாஸ்டேக் ஸ்டேட்மென்டில் இருந்தது. அன்று இரவு ஈரோட்டில் தங்கியதாகத்தான் பில்.

இவ்வளவு கையில் வந்த பிறகுதான் துறைத் தலைவரையும் எச்ஆரையும் வைத்துக்கொண்டு அவரிடம் கேட்டோம். நான்கில் இரண்டு நாள் சித்தப்பா வீட்டில் தங்கியதாகவும், ஜூலை 21 அன்று இரவே திரும்பிவிட்டதாகவும், பில் புத்தகம் ஒன்று கைமாறிக் கைமாறி வந்ததாகவும் சொன்னார். ஜூன் 12 பில்லை அவர் உண்மை என்றார். அதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை, உறுதிப்படுத்தவும் எதுவும் இல்லை. அறிக்கையில் அப்படியே எழுதினேன்.

இந்தச் சோதனையை நீங்களும் சுலபமாகச் செய்யலாம். கடைப் பெயர், பில் எண், தேதி என்ற வரிசையில் அடுக்கிவிட்டு, முந்தைய பில் எண்ணுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தையும் நாள் இடைவெளியையும் பக்கத்தில் போடுங்கள். எண் இடைவெளி ஒன்றிரண்டு, நாள் இடைவெளி பத்துக்கு மேல் என்று வரும் கடைகளை எடுத்துப் பில்லைப் பாருங்கள். எண் ஏறும்போது தேதி இறங்கினால் அது இன்னும் வலுவான கேள்வி.

அறிகுறி: அறிக்கையைத் துறைத் தலைவர் ஏற்க மறுக்கிறார்

பெரும்பாலும் தொகைதான் காரணம். 1,680 ரூபாய் பில் இரண்டு முறை வந்திருந்தால் சிலர் 3,360 என்று எழுதிவிடுகிறார்கள். முதல் கிளெய்ம் உண்மையான செலவு, கேள்விக்குரியது இரண்டாவது 1,680 மட்டும். ஒரே வரி இரட்டைச் சோதனையிலும் ரவுண்டு சோதனையிலும் வந்தால் ஒரு முறைதான் கூட்ட வேண்டும். கிளெய்ம் நிராகரிக்கப்பட்டுப் பணம் போகவே இல்லை என்றால் அதை இழப்பில் சேர்க்கக் கூடாது; கட்டுப்பாடு வேலை செய்தது என்று வேண்டுமானால் சொல்லலாம். இவற்றில் ஒன்றைக் கோட்டைவிட்டாலும் கூட்டத்தில் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு முழு அறிக்கையையும் தள்ளிவிடுவார்கள்.

அடுத்தது சொல். ரவுண்டு தொகை என்பது ஒரு கேள்வி மட்டுமே. “போலி பில்” என்று நான் எழுதுவது, கடைக்காரரோ எழுதியவரோ ஒப்புக்கொண்டால், இல்லாவிட்டால் ஆவணமே அதைக் காட்டினால் மட்டும். மற்றதெல்லாம் “ஆதாரம் போதவில்லை”, “விளக்கம் பெறப்பட்டது”, “விளக்கம் சரிபார்க்கப்படவில்லை” என்று மூன்றில் ஒன்று. இணைப்பில் ஒவ்வொரு வரிக்கும் எந்தச் சோதனையில் வந்தது, காகிதத்தை யார் எந்தத் தேதியில் பார்த்தார், ஊழியர் என்ன சொன்னார், எவ்வளவு தொகை கேள்வியில் இருக்கிறது என்று நான்கு பத்தி இருந்தால் போதும். ஊழியரின் விளக்கத்தை அவருடைய சொற்களிலேயே போடுங்கள், சுருக்காதீர்கள்.

தெர்மல் காகித பில்கள் சில மாதத்தில் வெளுத்துவிடும். கேள்விக்குரிய பில்லை எடுத்த அன்றே ஸ்கேன் செய்து வைக்க வேண்டும். ஜூன் பில்லைப் பற்றி மார்ச்சில் பேச உட்காரும்போது எதிரே இருப்பது வெறும் வெள்ளைத் தாளாக இருந்தால், அதை வைத்து யாரிடமும் எதுவும் கேட்க முடியாது. அவரும் தன் பக்கத்தைக் காட்ட முடியாது.